மிக நீளமான பாலிண்ட்ரோமை நேரியல் காலத்தில் கண்டறிவது எப்படி?

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் எழுத்துத் தொடரைப் பாலிண்ட்ரோம் என்கிறோம். விகடகவி என்னும் சொல் நாம் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. செய்யுளில் இந்த அமைப்பு மாலைமாற்று எனப்படுகிறது. ஒரு நீண்ட சரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் அடுத்தடுத்து வரும் எழுத்துகளால் ஆன பாலிண்ட்ரோம்களில் மிக நீளமானது எது, அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். எழுத்துகளை இடையிடையே விட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்பது வேறொரு கணக்கு. அது இங்கே பொருந்தாது.

எவருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வோர் எழுத்தையும் மையமாக வைத்துக்கொண்டு இரு பக்கமும் விரித்துப் பார்ப்பதுதான். இடப்பக்க எழுத்தும் வலப்பக்க எழுத்தும் ஒன்றாக இருக்கும்வரை ஒவ்வோர் அடியாக வெளியே நகர்கிறோம். வேறுபட்டவுடன் அல்லது சரத்தின் விளிம்பு வந்தவுடன் நிற்கிறோம். எத்தனை அடி நகர முடிந்ததோ அதையே அந்த மையத்தின் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 0 என்றால் அங்கே ஓரெழுத்துப் பாலிண்ட்ரோம் மட்டுமே உண்டு. ஆரம் 3 என்றால் 7 எழுத்துகள் உண்டு. இந்த வழி சரியானது, எளிமையானது, பெரும்பாலான சரங்களில் விரைவாகவும் முடிந்துவிடும். ஆனால் ஒரே எழுத்து 1,00,000 முறை திரும்பத் திரும்ப வரும் சரத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு மையத்திலும் விளிம்புவரை விரிக்க நேர்ந்து, ஒப்பீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 250 கோடியைத் தொட்டுவிடும். சரத்தின் நீளம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்.

இந்த வேலையைச் சரத்தின் நீளத்துக்கு நேர்விகிதமான அளவுக்குக் குறைக்கும் வழியைக் கிளென் மனாக்கர் 1975இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கணக்கு சற்று வேறு: சரத்தின் தொடக்கத்தில் அமையும் மிகச் சிறிய பாலிண்ட்ரோமைக் கண்டறிவது. அதே வழி எல்லா மையங்களின் ஆரங்களையும் தந்துவிடுகிறது என்பது பின்னர் கவனிக்கப்பட்டது. இன்று மனாக்கர் அல்காரிதம் என்று நாம் குறிப்பிடுவது இந்த இரண்டாவது பயன்பாட்டைத்தான்.

இதன் உள்ளே இருப்பது ஒரே ஒரு கவனிப்பு. ஒரு பெரிய பாலிண்ட்ரோமைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றால், அதன் வலப்பாதி இடப்பாதியின் ஆடிப் பிம்பம் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இடப்பாதியில் உள்ள மையங்களின் ஆரங்களை ஏற்கெனவே கணக்கிட்டு முடித்திருக்கிறோம். ஆகவே வலப்பாதியில் இனி வரப்போகும் ஒரு மையத்துக்கு, அதன் பிம்பமாக இடப்பக்கம் இருக்கும் மையத்தின் ஆரத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து விரிக்கத் தேவையில்லை.

இதைப் பொதுவாகச் சொல்லும்போது எளிதாகத் தோன்றும். நிரலாக எழுதும்போதுதான் எங்கே நகலெடுக்கலாம், எங்கே நகலெடுக்கக் கூடாது என்ற குழப்பம் வரும். எனவே 11 எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தை முழுமையாக நடத்திப் பார்ப்போம். இடங்களை 0 முதல் எண்ணுகிறேன்.

```
i    0   1   2   3   4   5   6   7   8   9   10
s    க   ட   க   ம   க   ட   க   ம   க   ட   ட
p    0   1   0   3   0   4   0   2   0   0   0
```

மூன்றாவது வரியில் இருப்பவை ஆரங்கள், அதாவது நாம் கண்டறிய வேண்டிய விடைகள். அவற்றை எப்படிப் பெறுகிறோம் என்பதைப் பார்ப்பதற்கு முன், கையில் வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை கண்ட பாலிண்ட்ரோம்களில் எது வலப்பக்கம் மிகத் தொலைவு எட்டுகிறதோ, அதன் கடைசி இடம் `r`. அந்தப் பாலிண்ட்ரோமின் மையம் `c`. இடமிருந்து வலமாக நகரும்போது, புதிய மையம் `i` இந்த எல்லைக்குள் இருந்தால், அதன் பிம்பம் `j = 2*c - i` என்னும் இடத்தில் இருக்கும்.

0ஆம் இடத்தில் இடப்பக்கம் எதுவும் இல்லை. ஆரம் 0, `r` உம் 0. 1ஆம் இடம் எல்லைக்கு வெளியே இருப்பதால் பிம்பம் ஏதும் உதவாது, நேரடியாக விரிக்கிறோம். 0ஆம் இடத்திலும் 2ஆம் இடத்திலும் `க` இருப்பதால் ஆரம் 1 ஆகிறது; `c` 1 ஆகவும் `r` 2 ஆகவும் மாறுகின்றன. 2ஆம் இடத்தில் பயன் ஏதும் இல்லை: `ட`வும் `ம`வும் ஒவ்வாததால் ஆரம் 0. 3ஆம் இடம் மீண்டும் எல்லைக்கு வெளியே. அங்கே விரித்தால் மூன்று அடிகள் பொருந்தி, சரத்தின் தொடக்க விளிம்பில் போய் நிற்கிறோம். ஆரம் 3, `c` 3, `r` 6. இனிமேல்தான் பிம்பம் வேலை செய்யத் தொடங்குகிறது.

4ஆம் இடத்தின் பிம்பம் 2ஆம் இடம். அதன் ஆரம் 0. நம் எல்லை 6 என்பதால், 4ஆம் இடத்திலிருந்து எல்லைவரை இரண்டு அடிகள் இருக்கின்றன. பிம்பத்தின் பாலிண்ட்ரோம் பெரிய பாலிண்ட்ரோமுக்குள் முழுமையாக அடங்கியிருப்பதோடு, அதை முடித்துவைத்த ஒவ்வாத எழுத்துகளும் உள்ளேயே இருக்கின்றன. பெரிய பாலிண்ட்ரோமின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால், 2ஆம் இடத்தைச் சுற்றி எது ஒவ்வவில்லையோ அதுவே 4ஆம் இடத்தைச் சுற்றியும் ஒவ்வாது. ஆகவே ஓர் எழுத்தைக்கூட ஒப்பிடாமல் 0 என்று எழுதிவிடலாம்.

5ஆம் இடத்தில் நிலைமை மாறுகிறது. அதன் பிம்பம் 1ஆம் இடம், ஆரம் 1. எல்லைவரை உள்ள தூரமும் 1. அதாவது பிம்பத்தின் பாலிண்ட்ரோம் பெரிய பாலிண்ட்ரோமின் இட விளிம்பைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. எனவே 5ஆம் இடத்தில் ஆரம் குறைந்தது 1 என்பது உறுதி. ஆனால் அதற்கு மேல் எவ்வளவு என்பது, நாம் இன்னும் பார்க்காத 7ஆம் இடத்தைப் பொறுத்தது. 1ஆம் இடம் சரத்தின் விளிம்பில் முட்டி நின்றது. 5ஆம் இடத்துக்கு அந்தத் தடை இல்லை. எனவே ஆரம் 1 என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடர்ந்து விரிக்கிறோம். 3உம் 7உம் `ம`, 2உம் 8உம் `க`, 1உம் 9உம் `ட` எனப் பொருந்துகின்றன. 0இல் `க`, 10இல் `ட` என்பதால் அங்கே நிற்கிறோம். ஆரம் 4, `c` 5, `r` 9. 9 எழுத்துகள் கொண்ட இதுவே சரத்தின் மிக நீளமான பாலிண்ட்ரோம்.

6ஆம் இடம் 4ஆம் இடத்தைப் போன்றதே. ஒப்பீடு இல்லாமல் 0. கவனமாகப் பார்க்க வேண்டியது 7ஆம் இடத்தை. அதன் பிம்பமான 3ஆம் இடத்தின் ஆரம் 3. ஆனால் 7இலிருந்து எல்லையான 9வரை இரண்டு அடிகள்தான் உள்ளன. 3ஆம் இடத்துப் பாலிண்ட்ரோம் 0 முதல் 6 வரை பரவியிருக்கிறது. `c`யைச் சுற்றிய பெரிய பாலிண்ட்ரோமோ 1 முதல் 9 வரைதான். பிம்பத்தின் ஒரு பகுதி கண்ணாடியின் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பற்றிக் கண்ணாடி எதுவும் சொல்லாது. எனவே 3 என்பதை அப்படியே நகலெடுக்கக் கூடாது. எல்லையோடு வெட்டி 2 என்று எழுத வேண்டும்.

இங்கே மேலும் விரித்துப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி இயல்பாக எழும். வேண்டியதில்லை; அதற்கான காரணம் இந்த அல்காரிதத்தின் மிக அழகிய பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆரம் 3 ஆக வேண்டுமானால் 4ஆம் இடமும் 10ஆம் இடமும் ஒத்திருக்க வேண்டும். 5ஐச் சுற்றிய பிம்பத்தால் 4ஆம் இடமும் 6ஆம் இடமும் ஒன்றே. 3ஐச் சுற்றிய பாலிண்ட்ரோமால் 6ஆம் இடமும் 0ஆம் இடமும் ஒன்றே. ஆகவே 4ஆம் இடத்தில் இருப்பது 0ஆம் இடத்தில் இருக்கும் எழுத்தேதான். ஆனால் 5ஆம் இடத்தில் விரித்தபோது நாம் நின்றதே 0ஆம் இடமும் 10ஆம் இடமும் ஒவ்வாததால்தான். அப்படியானால் 4ஆம் இடமும் 10ஆம் இடமும் ஒத்திருக்கவே முடியாது. பிம்பம் எல்லையைத் தாண்டும் எல்லா இடங்களிலும் இந்தக் காரணம் பொருந்தும்; எல்லை சரத்தின் கடைசி இடமாகவே இருந்தால், மேலே விரிக்க வலப்பக்கம் எழுத்தே இராது.

8ஆம் இடம் பிம்பத்திலிருந்து 0 என்று கிடைக்கிறது. 9ஆம் இடத்தின் பிம்பம் 1, அதன் ஆரம் 1. ஆனால் எல்லைவரை தூரம் 0 என்பதால் வெட்டி 0 என்கிறோம். 10ஆம் இடம் எல்லைக்கு வெளியே, சரத்தின் கடைசி எழுத்து, ஆரம் 0.

மொத்தம் எத்தனை முறை எழுத்துகளை ஒப்பிட்டோம் என்று எண்ணினால் 9 வருகிறது; பொருந்தியவை 7, பொருந்தாதவை 2. ஒவ்வொரு மையத்திலும் பூஜ்யத்திலிருந்து விரித்திருந்தால் இதே சரத்துக்கு 17 ஒப்பீடுகள் ஆகியிருக்கும். 11 எழுத்துகளில் இந்த வேறுபாடு சிறியதுதான். ஆனால் பொருந்திய அந்த 7 ஒப்பீடுகளை மட்டும் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றும் `r` ஐ ஓர் இடம் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. 1, 3, 10 ஆகிய மூன்று இடங்களில் மையமே எல்லைக்கு வெளியே இருந்ததால் `r` மேலும் மூன்று முறை நகர்ந்தது. 7உம் 3உம் சேர்ந்து 10. `r` 0இலிருந்து 10வரை நடந்த தூரமும் அதுவே.

நேரியல் காலம் என்பதற்கான நிரூபணம் இந்தக் கூட்டலில் முழுமையாக அடங்கியிருக்கிறது. எல்லை ஒருபோதும் பின்வாங்குவதில்லை. பிம்பத்தின் உதவியால் விரிப்பு எப்போதும் எல்லையிலிருந்தே தொடங்குவதால், பொருந்தும் ஒவ்வோர் ஒப்பீடும் இதுவரை எட்டாத ஓர் எழுத்தை எட்டுகிறது. அப்படிப்பட்ட எழுத்துகள் சரத்தின் நீளத்துக்கு மேல் இருக்க முடியாது. பொருந்தாத ஒப்பீடு ஒரு மையத்துக்கு ஒன்றுக்கு மேல் வராது, ஏனென்றால் வந்தவுடன் அந்த மையம் முடிந்துவிடுகிறது. ஆகவே நீளம் `n` என்றால் ஒப்பீடுகள் `2n` ஐத் தாண்டா. 250 கோடி ஒப்பீடுகள் கேட்ட அந்த 1,00,000 எழுத்துச் சரம் இங்கே 2 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

தொடக்க நிலையில் பலரும் தடுமாறும் ஓர் இடத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. `c` என்பது இதுவரை கண்ட மிக நீளமான பாலிண்ட்ரோமின் மையம் அன்று. வலப்பக்கம் மிகத் தொலைவு எட்டும் பாலிண்ட்ரோமின் மையம். நம் சரத்தில் 5ஆம் இடத்தில் இரண்டும் ஒன்றாக அமைந்தன, ஆனால் 10ஆம் இடத்தை முடித்த பின் `c` 10 ஆகிவிடும். மிக நீளமானது இன்னும் 5இல்தான் இருக்கும். நீளமானதையே `c` ஆகப் பிடித்துக்கொண்டால் விடை தவறாது, ஏனென்றால் பிம்பம் சொல்லும் செய்தி பழையதானாலும் உண்மையே. ஆனால் சரத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய பாலிண்ட்ரோம் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் மையங்களெல்லாம் எல்லைக்கு வெளியே நின்று பூஜ்யத்திலிருந்து விரியும். நேரியல் காலம் போய்விடும். சோதனைகளில் விடைகள் எல்லாம் சரியாக வருவதால் இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே இருக்கும்.

இதுவரை ஒற்றைப்படை நீளங்களை மட்டுமே பார்த்தோம். 9, 10 ஆகிய இடங்களில் அருகருகே இருக்கும் `டட` என்பதும் ஒரு பாலிண்ட்ரோம்தான். அதன் மையம் எந்த எழுத்திலும் இல்லை, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கிறது. இதற்குத் தனியாக இன்னொரு சுற்று எழுதலாம். எல்லோரும் கையாளும் எளிய வழி, எழுத்துகளுக்கு நடுவிலும் இரு முனைகளிலும் ஒரு பிரிப்புக் குறியைச் செருகிவிடுவது. `டட` என்பது `#ட#ட#` ஆகிறது. நடுவில் உள்ள `#` மையமாகி, அங்கே ஆரம் 2 கிடைக்கிறது. இப்படிச் செருகிய சரத்தில் ஆரமே மூலச் சரத்துப் பாலிண்ட்ரோமின் நீளமாக அமைவது கூடுதல் வசதி. `i` என்னும் மையத்தில் ஆரம் `p[i]` என்றால், மூலச் சரத்தில் அது தொடங்கும் இடம் `(i - p[i]) / 2`. சரம் இரு மடங்காவதால் வேலையும் நினைவகமும் இரு மடங்காகும், ஆனாலும் நேரியலாகவே இருக்கும்.

பிரிப்புக் குறி மூலச் சரத்தில் வரவே கூடாது என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. உண்மையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு மையத்திலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில் உள்ள இடங்களுக்கு இடையே எப்போதும் இரட்டைப்படை வேறுபாடு இருப்பதால், பிரிப்புக் குறி இன்னொரு பிரிப்புக் குறியோடும், எழுத்து இன்னொரு எழுத்தோடும் மட்டுமே ஒப்பிடப்படும். விளிம்பைச் சோதிப்பதைத் தவிர்க்க முனைகளில் வைக்கப்படும் காவல் குறிகளுக்குத்தான் அந்த நிபந்தனை தேவை. கீழே உள்ள நிரலில் காவல் குறிகள் இல்லை; விளிம்பு நேரடியாகவே சோதிக்கப்படுகிறது.

```python
def longest(s):
    t = [None]
    for x in s:
        t += [x, None]
    n = len(t)
    p = [0] * n
    c = r = 0
    for i in range(n):
        k = min(p[2*c - i], r - i) if i < r else 0
        while i-k-1 >= 0 and i+k+1 < n and t[i-k-1] == t[i+k+1]:
            k += 1
        p[i] = k
        if i + k > r:
            c, r = i, i + k
    m = max(range(n), key=lambda i: p[i])
    a = (m - p[m]) // 2
    return s[a:a + p[m]]
```

நாம் தனித்தனியே பார்த்த மூன்று நிலைகளும் இந்த நிரலில் `min` இருக்கும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. பிம்பம் உள்ளே அடங்கினாலும் சரி, எல்லையைத் தாண்டினாலும் சரி, இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டு விரிக்க முயல்கிறோம். விரிக்கத் தேவையில்லாத நிலைகளில் ஒரே ஓர் ஒப்பீடு வீணாகி உடனே நின்றுவிடும். `2n` என்னும் வரம்புக்குள் அந்தச் செலவும் அடங்கியிருக்கிறது. மூன்று நிலைகளையும் `if` வைத்துப் பிரித்து எழுதுவதைவிட இந்த வடிவத்தில் பிழை நுழைய இடம் குறைவு என்பதால் இதையே பரிந்துரைப்பேன்.

`min` ஐ விட்டுவிட்டு பிம்பத்தின் ஆரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது மிக அடிக்கடி நேரும் பிழை. நம் சரத்தை ஒற்றைப்படை மையங்களோடு மட்டும் நடத்தினால், 7ஆம் இடத்தில் 3 என்று வந்து, 4 முதல் 10 வரையுள்ள `கடகமகடட` என்பதைப் பாலிண்ட்ரோம் என்று பதிவு செய்துவிடும். ஆனால் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கான விடை, அதாவது 9 எழுத்துத் தொடர், அப்போதும் சரியாகவே வந்திருக்கும். ஆகவே இறுதி விடையை மட்டும் சரிபார்த்தால் போதாது. எல்லா மையங்களின் ஆரங்களையும் எளிய முறையால் தனியே கணக்கிட்டு, இரண்டு பட்டியல்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டே எழுத்துகளால் ஆன, 12 இடங்களுக்குள் அடங்கும் எல்லாச் சரங்களையும் கொடுத்துப் பார்த்தால் சில ஆயிரங்களே வரும். இத்தகைய பிழை அங்கே தப்பாமல் அகப்படும். வேகம் குறித்த பிழைகளை இந்தச் சோதனை காட்டாது. அவற்றுக்கு ஒரே எழுத்தால் ஆன நீண்ட சரத்தைக் கொடுத்து, நீளத்தை இரட்டித்தபோது ஒப்பீடுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறதா, நான்கு மடங்காகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். `c` ஐத் தவறாகப் புதுப்பிக்கும் பிழையைப் பிடிக்க, ஒரே எழுத்தால் ஆன தொடர் ஒன்றை முதலில் வைத்து, நடுவில் ஒரு வேற்றெழுத்தை இட்டு, மூன்றாவதோர் எழுத்தால் ஆன, முதல் தொடரைவிடச் சற்றே குறுகிய இன்னொரு தொடரை அடுத்து வைத்துச் சோதிப்பது உதவும்.

கடைசியாக, தமிழ்ச் சரங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேலே நடத்திக்காட்டிய சரத்தில் வேண்டுமென்றே அகரமேறிய மெய்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். `longest("விகடகவி")` என்று அழைத்தால் முழுச் சொல்லும் விடையாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம், வருவதோ `கடக`. காரணம், யூனிகோடில் `வி` என்பது `வ` என்னும் எழுத்தும் அதன் பின் வரும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். பைத்தான் அந்தச் சொல்லின் நீளத்தை 7 என்று எண்ணும். `ட` ஐ மையமாக வைத்து விரிக்கும்போது, இரு பக்கமும் `க` பொருந்திய பின், இடப்பக்கம் இகரக் குறியும் வலப்பக்கம் `வ`வும் எதிரெதிரே வந்து ஒவ்வாமல் நின்றுவிடுகின்றன. அல்காரிதத்தில் பிழை இல்லை. எதை ஓர் எழுத்து என்று அதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் பிழை.

சரத்தை முதலில் பார்வைக்குரிய எழுத்துகளாகப் பிரித்து, அந்தப் பட்டியலை அனுப்பினால் போதும். பைத்தானுடன் வரும் `re` இதற்கு உதவாது. தனியே நிறுவ வேண்டிய `regex` தொகுப்பில் இதற்கான `\X` உண்டு.

```python
import regex
print("".join(longest(regex.findall(r"\X", "விகடகவி"))))
```

இப்போது `வி`, `க`, `ட`, `க`, `வி` என ஐந்து உறுப்புகள் உள்ளே போகின்றன. பிரிப்புக் குறிகளோடு 11 இடங்கள். நடுவில் உள்ள 5ஆம் இடத்தில் ஆரம் 5 கிடைத்து, முழுச் சொல்லும் விடையாக வருகிறது. `longest` பட்டியலையும் சரத்தையும் ஒரே விதமாக ஏற்றுக்கொள்வதால் அதற்குள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.